எடை, இடுப்பு, சர்க்கரை: மனநல வார்டுக்கு ஒரு பக்க நெறிமுறை எழுதும்போது

மனச்சிதைவு நோய்க்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படும் மருந்துகளில் சில, உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றிவிடுகின்றன என்பது மருத்துவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2003-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இரண்டாம் தலைமுறை மருந்துகள் அனைத்தின் விவரக் குறிப்பிலும் சர்க்கரை நோய் குறித்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 2004 பிப்ரவரியில் அந்நாட்டின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து, எந்தப் பரிசோதனையை எந்த வாரத்தில் செய்வது என்று ஓர் அட்டவணையே வெளியிட்டன. பின்னர் கலிஃபோர்னியா, மிசௌரி, ஓரிகன் ஆகிய மூன்று மாநிலங்களின் அரசு மருத்துவ உதவித் திட்டப் பதிவுகளை ஆராய்ந்து பார்த்தபோது, எச்சரிக்கைக்குப் பிறகு மருந்துத் தேர்வு ஓரளவு மாறியிருந்ததே தவிர, சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதிக்கப்பட்ட விகிதம் ஏறக்குறைய பழைய நிலையிலேயே நின்றிருந்தது தெரியவந்தது.

தகவல் இல்லாததால் வந்த குறை அல்ல அது. எந்த நாளில், யார், எந்தக் கருவியால் அளப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வது என்பதை வார்டில் வேலை செய்பவரின் கையில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதே குறை. நூறு பக்க வழிகாட்டுதலை ஒரு பக்கமாகச் சுருக்கும் வேலையை நான் அந்தக் கோணத்திலிருந்தே பார்க்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளிகள் வந்து சேரும், பொது மருத்துவமனையோடு இணைந்த ஒரு வார்டை மனத்தில் வைத்து, அந்தப் பக்கத்தில் எது இருக்க வேண்டும், எதை மனசாட்சியோடு வெளியே விடலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

எதை மையமாக வைப்பது

வழிகாட்டுதல்கள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. 2004-ஆம் ஆண்டின் அமெரிக்க அட்டவணை, மருந்து தொடங்கும்போதும் அதன்பின் 4, 8, 12-ஆம் வாரங்களிலும் எடை பார்க்கச் சொல்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் 6 வாரங்களுக்கு வாரந்தோறும் எடை பார்த்து, பிறகு 12-ஆம் வாரத்திலும் ஓராண்டு முடிவிலும் பார்க்கச் சொல்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் தொடக்கத்திலும் 12-ஆம் வாரத்திலும் பார்க்கப்பட வேண்டும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதன்பிறகு கொழுப்பை எத்தனை காலத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதில் அமெரிக்க அட்டவணை 5 ஆண்டுகள் என்றும் பிரிட்டன் ஆண்டுக்கு ஒருமுறை என்றும் பிரிகின்றன.

இந்த வேறுபாட்டைத் தீர்க்க, எந்த இடைவெளி சிறந்தது என்று நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனை எதையும் தேடிப் பயனில்லை. இடைவெளிகள் நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்டவை. ஆனால் எடை எப்போது ஏறுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஓலான்சபின் எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் 3 வாரங்களுக்குள் 2 கிலோ அளவுக்குக் கூடியவர்களே பின்னர் வெகுவாக எடை கூடினார்கள். சுவிட்சர்லாந்தில் 2015-இல் வெளியான ஆய்வொன்று, முதல் மாதத்திலேயே தொடக்க எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டுவதுதான் நீண்டகால எடை ஏற்றத்தை முன்கூட்டிச் சொல்லும் சிறந்த அறிகுறி என்று காட்டியது. 2020-இல் லான்செட் மனநல இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 18 மருந்துகள் பற்றிய 100 சோதனைகளை ஒன்றுசேர்த்தது. அச்சோதனைகளின் இடைநிலைக் கால அளவு வெறும் 6 வாரம். அவ்வளவு குறுகிய காலத்துக்குள்ளேயே மருந்துகளுக்கிடையே எடையிலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் தெளிவான வேறுபாடுகள் வந்துவிட்டன.

வார்டில் நோயாளி இருப்பதோ பெரும்பாலும் சில வாரங்கள்தான். 12-ஆம் வாரம் வரும்போது அவர் ஊரில் இருப்பார். ஆகவே வழிகாட்டுதலின் அட்டவணையை அப்படியே நகலெடுத்துச் சுவரில் ஒட்டினால், அதன் பெரும்பாலான கட்டங்கள் அந்த வார்டுக்குச் சம்பந்தமில்லாதவையாக இருக்கும். எடை வேகமாக ஏறும் காலமும், தினமும் ஒரு செவிலியரின் பார்வையில் நோயாளி இருக்கும் காலமும் ஒன்றாக அமையும் இடம் வார்டு மட்டுமே என்பதால், பக்கத்தின் மையத்தில் வாராந்தர எடைதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு ஆய்வகம் வேண்டாம், வெறும் வயிறு வேண்டாம், ரத்தம் எடுக்க நோயாளி சம்மதிக்க வேண்டும் என்ற சிக்கலும் இல்லை.

பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்றின் வலிமையைக் குறிக்கும் ஒரு சிறு அடையாளம் வைப்பது நல்லது. சோதனைகளால் நிறுவப்பட்டதற்கு முழு வட்டம், நோயாளிகளைப் பின்தொடர்ந்து அறிந்ததற்குப் பாதி வட்டம், நிபுணர் கருத்துக்கு வெற்று வட்டம். எந்த மருந்து அதிகம் ஏற்றும் என்பதற்கு முழு வட்டம் கிடைக்கும். முதல் மாத 5 விழுக்காடு என்பதற்குப் பாதி வட்டம். 12-ஆம் வாரப் பரிசோதனைக்கு வெற்று வட்டம். இப்படிக் குறித்துவிட்டால், ரத்தம் எடுப்பது ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரிய இழப்பில்லை, எடை பார்க்காமல் விட்டால் இழப்பு என்பது பயிற்சி மருத்துவருக்கும் தானே விளங்கும்.

எடையை ஏற்றும் அளவில் மருந்துகளின் வரிசையைப் பொறுத்தவரை அதிகம் எழுத வேண்டியதில்லை. குளோசபினும் ஓலான்சபினும் முதல் படியில், குவெட்டியாபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில், அரிபிப்ரசோல், லுராசிடோன், சிப்ரசிடோன் ஆகியவை கடைசியில். வார்டின் மருந்தகத்தில் கிடைக்காத மருந்தைப் பட்டியலில் போடுவதால் இடம்தான் வீணாகும். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையை அந்த வரியிலேயே திருத்த வேண்டும். பழைய மருந்துகள் எடையைத் தொடாது என்று நினைத்து, ஹாலோபெரிடால் எடுப்பவர்களை எடைப் பதிவேட்டிலிருந்து விட்டுவிடுவது வழக்கம். 2008-இல் ஐரோப்பாவில் முதல்முறை நோய் கண்டவர்களிடம் நடந்த சோதனையில், ஓராண்டில் ஓலான்சபின் குழுவில் 86 விழுக்காட்டினர் தொடக்க எடையில் 7 விழுக்காட்டுக்கு மேல் ஏறினர். மிகக் குறைந்த அளவில் தரப்பட்ட ஹாலோபெரிடால் குழுவிலும் அந்த அளவு 53 விழுக்காடு. முன்பு மருந்தே எடுக்காத இளைஞரிடம் எந்த மருந்தையும் பாதுகாப்பானது என்று ஒதுக்கிவிட முடியாது. வால்ப்ரோயேட்டும் சேர்ந்து தரப்பட்டால் ஒரு படி மேலே கருத வேண்டும் என்று ஒரு சொற்றொடரில் சேர்த்துவிடலாம்.

எண்கள் யாருடையவை

மேலைநாட்டு அட்டவணையிலிருந்து எல்லைகளை அப்படியே எடுத்து எழுதுவதுதான் இத்தகைய பக்கங்களில் நான் அதிகம் காணும் பிழை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ., பெண்களுக்கு 88 செ.மீ. என்பவை அமெரிக்க எல்லைகள். நம் மக்களுக்கு அதைவிட மெலிந்த உடலிலேயே சர்க்கரையும் கொழுப்பும் கெட்டுவிடுகின்றன என்பதால், 2009-இல் வெளியான இந்திய நிபுணர்களின் ஒருமித்த அறிக்கை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்றும், உடல் நிறைக் குறியெண்ணில் 23-இலிருந்து அதிக எடை, 25-இலிருந்து உடல் பருமன் என்றும் வரையறுத்தது. பக்கத்தில் இந்த எண்களே இருக்க வேண்டும்.

எண்ணைவிட முக்கியம், அது எப்படி எடுக்கப்படுகிறது என்பது. காலையில் சிறுநீர் கழித்த பின், டிபனுக்கு முன், செருப்பில்லாமல், ஒவ்வொரு வாரமும் அதே இயந்திரத்தில் எடை பார்க்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவின் இயந்திரமும் வார்டின் இயந்திரமும் ஒரு கிலோ வேறுபட்டால், 5 விழுக்காடு என்ற கணக்கே பொருளற்றுப் போகும். இடுப்புச் சுற்றளவு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தோலின் மேல் நாடாவை வைத்து அளக்கப்பட வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேலேயோ, வேட்டி மடிப்புக்கு மேலேயோ நாடாவைச் சுற்றினால் 3, 4 செ.மீ. கூடிவிடும், கொசுவத்துக்குக் கீழே தள்ளி அளந்தால் அது இடுப்பே அல்ல. பெண் நோயாளிகளைத் திரைக்குள் பெண் செவிலியர் அளப்பது என்று எழுதி வைக்காவிட்டால், அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

தொடக்க எடையை எடுக்கும் நாளும் கவனிக்கப்பட வேண்டியது. சில நாட்களாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், உறங்காமல் கொண்டுவரப்பட்டவரின் முதல்நாள் எடை அவருடைய உண்மையான எடை அல்ல. நீர்ச்சத்து சரியானதும் இரண்டு நாளில் ஒரு கிலோ கூடுவதை மருந்தின் மேல் சுமத்தக் கூடாது. ஆகவே சேர்ந்த அன்று ஒருமுறையும் மூன்றாம் நாள் காலை ஒருமுறையும் பார்த்து, இரண்டாவதைத் தொடக்க எடையாகக் கொள்வது எளிய தீர்வு. கிளர்ச்சியில் இருப்பவரை இயந்திரத்தில் ஏற்ற முடியாதபோது, கட்டத்தைக் காலியாக விடாமல் காரணத்தை எழுதி, அடுத்த ஷிப்டில் மீண்டும் முயல வேண்டும். தெருவில் அலைந்து எலும்பும் தோலுமாக வந்தவருக்கு, குறியெண் 18.5-க்குக் கீழ் இருந்தால், எடை கூடுவது நல்லதே. அவருக்கு 5 விழுக்காட்டு எச்சரிக்கையை நிறுத்திவைத்து, இடுப்பையும் சர்க்கரையையும் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார் என்று தனியாக ஒரு வரி வேண்டும்.

இனி வெறும் வயிற்றுச் சர்க்கரை. இதுதான் வார்டுகளில் அதிகம் தவறும் பரிசோதனை. வெறும் வயிறு என்றால் இரவு உணவுக்குப் பின் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாத நிலை. காலை ஐந்தரை மணிக்கே டீ வந்துவிடும் வார்டில், துணைக்கு இருக்கும் அம்மா தன் டீயில் பாதியை மகனுக்கு ஊற்றிக் கொடுத்திருப்பார். ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பவர் அதை அறியமாட்டார். முடிவு 118 என்று வந்தால், அது சர்க்கரை நோயின் விளிம்பா, டீயின் சர்க்கரையா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இரவுப் பணியில் இருப்பவர் முந்தைய இரவே கட்டிலில் அட்டை மாட்டுவதும், ரத்தம் எடுப்பவர் ஊசி குத்துவதற்கு முன் நோயாளியிடமும் துணைக்கு இருப்பவரிடமும் தனித்தனியே கேட்பதும், டீ குடித்திருந்தால் படிவத்தில் வெறும் வயிறு என்று எழுதாமல் தற்செயல் மாதிரி என்று எழுதுவதும் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

உணவு நேரத்தைப் பொருட்படுத்தாத ஹெச்பிஏ1சி பரிசோதனை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று தோன்றும். தொடக்கத்தில் அது மிகவும் பயனுள்ளதே. ஏற்கெனவே அறியாமல் சர்க்கரை நோயோடு இருப்பவரை அது காட்டிக்கொடுக்கும்; நம் மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவல்ல. ஆனால் அது ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. மருந்து தொடங்கி நான்கு வாரத்தில் திடீரென ஏறும் சர்க்கரையை அது முழுமையாகக் காட்டாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அதை உண்மையைவிட உயர்த்திக் காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. ஆகவே தொடக்கத்தில் இரண்டையும் பார்ப்பது, ஓலான்சபினோ குளோசபினோ எடுப்பவருக்கு நான்காம் வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் மறுபடி பார்ப்பது, 12-ஆம் வாரத்தில் மீண்டும் இரண்டும் என்ற வரிசையை நான் தேர்ந்துகொள்வேன். கொழுப்பு, கிரியாட்டினின், இரத்த அழுத்தம் ஆகியவை தொடக்கத்திலும் 12-ஆம் வாரத்திலும் போதும்.

நான்காம் வாரப் பரிசோதனையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இம்மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைத்துப் பசியைத் தூண்டுவதால் மட்டும் சர்க்கரை ஏறுவதில்லை. 2013-இல் வெளியான ஒரு சோதனையில், உடல்நலமுள்ளவர்களுக்கு 9 நாட்கள் ஓலான்சபின் கொடுத்தபோது, எடை குறிப்பிடத்தக்க அளவு கூடாமலேயே இன்சுலின் எதிர்ப்பு உண்டானது. எடை கூடவில்லை என்பதால் சர்க்கரையும் சரியாகவே இருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி, ஓர் ஆபத்துக் குறிப்பு இருந்தாக வேண்டும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, வழக்கத்துக்கு மாறான மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே விரல்நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். 250-க்கு மேல் இருந்தாலும், வாந்தியோ மயக்கமோ சேர்ந்திருந்தாலும் கீட்டோன் பார்த்துப் பொது மருத்துவப் பணி மருத்துவரை அழைக்க வேண்டும். ஓலான்சபினிலும் குளோசபினிலும் கீட்டோன் அமிலத்தன்மை அரிதாக வருவது. ஆனால் வந்தால் மனநல வார்டில்தான் அது தாமதமாகத் தெரியவரும். ஏனெனில் தூங்கி வழிவதை மாத்திரை மயக்கம் என்றும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதை நோயின் போக்கு என்றும் விட்டுவிடுவது அங்கே எளிது.

மூன்றாம் வாரத்தில் ஒரு நோயாளி

பக்கம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைக் காட்ட ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 24 வயது இளைஞர்; முதல்முறை நோய்; இதற்குமுன் எந்த மருந்தும் எடுத்ததில்லை; அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. உயரம் 168 செ.மீ., மூன்றாம் நாள் எடை 58 கிலோ, குறியெண் 20.5, இடுப்பு 76 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. ஓலான்சபின் 10 மி.கி. தொடங்கி 15 மி.கி.க்கு உயர்த்தப்படுகிறது.

தொடக்க எடையை எழுதும்போதே செவிலியர் ஒரு பெருக்கலையும் செய்துவிட வேண்டும். 58 கிலோவில் 5 விழுக்காடு 2.9 கிலோ. ஆகவே எடைப் படிவத்தின் தலையில் சிவப்பு மையில் “60.9 கிலோவைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லவும்” என்று எழுதப்படுகிறது. விழுக்காடு என்று மட்டும் எழுதிவைத்தால் பரபரப்பான காலை நேரத்தில் யாரும் கணக்குப் போடமாட்டார்கள். கிலோவில் எழுதினால் இயந்திரத்தைப் பார்த்த கண்ணாலேயே தெரிந்துவிடும். பக்கத்திலுள்ள எல்லா வரிகளிலும் இந்த ஒன்றையே நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல் வாரம் 58.8. இரண்டாம் வாரம் 60.1. மூன்றாம் வாரம் 61.4. எல்லை தாண்டப்பட்டுவிட்டது. இப்போது குறியெண் 21.8, நம் நாட்டு எல்லையான 23-ஐக்கூட அது தொடவில்லை. அதைத் தொட அவர் 65 கிலோவை எட்ட வேண்டும், அதாவது 7 கிலோ ஏறியிருக்க வேண்டும். குறியெண்ணை மட்டும் நம்பும் பக்கம் அதுவரை மௌனமாகவே இருந்திருக்கும்.

வீட்டார் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் செவிலியர் கேட்டறிய வேண்டும். “இப்பத்தான் சிஸ்டர் வாய்க்கு ருசியாச் சாப்புடுறான், ஒடம்பு தேறிக்கிட்டு வருது” என்று அம்மா சொல்வார். பல மாதங்கள் மகன் தட்டைத் தள்ளிவிட்டதைப் பார்த்தவருக்கு அது நியாயமான மகிழ்ச்சி. அதைக் குறைசொல்லாமல், இரவில் வாசல் கடையிலிருந்து வரும் பரோட்டாவையும் ஒரு நாளில் உள்ளே போகும் டீயின் எண்ணிக்கையையும் பற்றிப் பேச வேண்டும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீயில் சுமார் 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. டீயை நிறுத்தச் சொல்வதைவிட, சர்க்கரை போடாமல் அல்லது அரை ஸ்பூனோடு வாங்கச் சொல்வது நடைமுறையில் நிற்கும்.

மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அடுத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104 வருகிறது. டீ குடித்தாரா என்று கேட்டு மறுநாள் மீண்டும் எடுத்ததில் 101. ட்ரைகிளிசரைடு 110-இலிருந்து 168-க்கு ஏறியிருக்கிறது. குரல்கள் குறைந்து, தூக்கம் திரும்பியிருக்கிறது. அதாவது மருந்து வேலை செய்கிறது. மருந்தை மாற்றுவதா? 2011-இல் வெளியான அமெரிக்கச் சோதனையொன்றில், நிலையாக இருந்த நோயாளிகளை ஓலான்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் ஆகியவற்றிலிருந்து அரிபிப்ரசோலுக்கு மாற்றியபோது, பழைய மருந்திலேயே இருந்தவர்களோடு ஒப்பிட எடையில் ஏறக்குறைய 3 கிலோ வேறுபாடு கிடைத்தது, கொழுப்பும் குறைந்தது. ஆனால் புதிய மருந்தை இடையில் நிறுத்தியவர்களும் அதிகம். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் நிலைபெற்றவர்கள், நெருங்கிய கவனிப்பில் இருந்தவர்கள். மூன்று வாரத்துக்கு முன் கடும் நோயோடு வந்து இப்போதுதான் தேறும் ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவதற்கு நான் தயங்குவேன்.

இன்னொரு வழி மெட்ஃபார்மின். கொழும்பு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இம்மருந்துகளால் எடை கூடியவர்களிடம் மெட்ஃபார்மின் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைத்தது. முதல்முறை நோய் கண்டவர்களிடம் பயன் கூடுதலாகவே தெரிந்தது. ஏறிய எடை முழுவதையும் அது இறக்கிவிடாது என்பதால், தொடக்கத்திலேயே கொடுப்பது, நிறைய ஏறிய பின் கொடுப்பதைவிடப் பொருளுடையது. இந்த இளைஞருக்குக் கிரியாட்டினின் சரியாக இருப்பதால், இரவு உணவோடு 500 மி.கி. தொடங்கி, ஒரு வாரம் கழித்து காலையும் இரவும் 500 மி.கி. என உயர்த்தி, வயிறு தாங்கினால் நாளொன்றுக்கு 2000 மி.கி. வரை படிப்படியாகக் கொண்டுபோகலாம். வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்தால் உணவோடு கொடுக்கப்படுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடும் வாந்தி, நீரிழப்பு, சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவு ஆகியவற்றில் அதை நிறுத்த வேண்டும். நீண்டகாலம் எடுப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு எடைக்காக இதைக் கொடுப்பது மருந்தின் பதிவு செய்யப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே என்பதை நோயாளியிடமும் அம்மாவிடமும் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

இவற்றோடு இன்னொரு வரியும் வேண்டும்: எடை ஏறியதற்காக நோயாளியோ வீட்டாரோ பயிற்சி மருத்துவரோ மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஃபின்லாந்தில் 62,250 பேரை 20 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் இறப்பு விகிதம் எடுக்காத காலங்களைவிடக் குறைவாக இருந்தது. எடையை மிக ஏற்றும் குளோசபினில் அது எல்லாவற்றையும்விடக் குறைவு. எடைப் படிவம் மருந்தைப் பற்றிய அச்சத்தை வளர்க்கும் தாளாக மாறிவிட்டால், அது செய்யும் நன்மையைவிடத் தீமை பெரிதாகும்.

வீட்டுக்குப் போன பிறகு

நான்காம் வாரம் இந்த இளைஞர் டிஸ்சார்ஜ் ஆகிறார். 12-ஆம் வாரப் பரிசோதனை இன்னும் எட்டு வாரத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் “12 வாரத்தில் சர்க்கரை, கொழுப்பு பார்க்கவும்” என்று எழுதினால் அது பெரும்பாலும் நடக்காது, ஏனெனில் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது வீட்டாருக்குத் தெரியாது. நாள்காட்டித் தேதியாக எழுத வேண்டும். அதோடு தொடக்க எடை, தாண்டக் கூடாத எடை, கடைசியாகப் பார்த்த எடை, கடைசிச் சர்க்கரை என்ற நான்கு எண்களைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் வார எடையை ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இயந்திரம் மாறுவதால், அங்கே பார்க்கும் முதல் எடையைப் புதிய ஒப்பீட்டுப் புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீடுகளுக்கே வருகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அதே தன்னார்வலர், இந்த அட்டையைப் பார்த்து மகனையும் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். நோயின் பெயரை அட்டையில் எழுதாமல், எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டியவர் என்று மட்டும் எழுதினால், ஊரில் தேவையற்ற பேச்சு எழாது. அட்டையை யாரிடம் காட்டலாம் என்பதை நோயாளியிடமே கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

பக்கத்தில் இடமில்லை என்று வெளியே விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். புரோலாக்டின், இசிஜி, குளோசபினுக்கான இரத்த அணு எண்ணிக்கை ஆகியவை முக்கியமானவையே. ஆனால் அவை வேறு கேள்விகளுக்கான விடைகள், அவற்றுக்குத் தனித் தாள் வேண்டும். எடை ஏறும் செயல்முறை பற்றிய விளக்கமும் பக்கத்தில் தேவையில்லை. அது பயிற்சி வகுப்புக்கு உரியது.

தாளின் அடியில், எழுதிய தேதி, அடுத்து திருத்தும் தேதி, பொறுப்பாளரின் பதவி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஆள் மாறுவார் என்பதால் பெயரைவிடப் பதவியே நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடைசி 20 கேஸ் ஷீட்களை எடுத்து எங்கே காலியாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். தொடக்க எடை இருந்து இரண்டாம், மூன்றாம் வாரக் கட்டங்கள் காலி என்றால், இயந்திரம் பழுதாகியிருக்கும், அல்லது வேறு பிரிவுக்கு எடுத்துச் செல்லப்பட்டிருக்கும், அல்லது எந்தக் கிழமை எடை பார்ப்பது என்று யாருக்கும் ஒதுக்கப்பட்டிருக்காது; செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் என்று ஒரு நாளை எழுதுவதே பாதி தீர்வு. எடைகள் ஒழுங்காக இருந்து, எல்லை தாண்டிய நாளில் மருத்துவரின் குறிப்பு இல்லை என்றால், எடைப் படிவம் ரவுண்ட்ஸின்போது கேஸ் ஷீட்டோடு இல்லை, கட்டில் தலைமாட்டிலேயே தொங்குகிறது என்று பொருள். இரண்டும் சரியாக இருந்து 12-ஆம் வார முடிவு மட்டும் இல்லை என்றால், வார்டில் திருத்த ஒன்றுமில்லை. வெளிநோயாளிப் பிரிவில் அந்தத் தேதியைப் பார்த்து ரத்தம் எடுக்க அனுப்புபவர் யார் என்பதை அடுத்த பதிப்பில் எழுத வேண்டியிருக்கும்.